ஸ்கேன் செய்த நூலின் வரிகளை ஒட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர் வரலாறு, கும்பாபிஷேக மலர், பள்ளிவாசல் நினைவு மலர் என்று மட்டக்களப்புப் பக்கத்தில் பலர் பழைய நூல்களை ஸ்கேன் செய்து, ஓசிஆரில் போட்டு எழுத்தாக்குகிறார்கள். எழுத்துப்பிழை திருத்துவதில் கவனமாக இருக்கிறார்கள். வரி உடைவைச் சரிசெய்யும் இடத்தில்தான் எல்லோரும் ஒரே குழிக்குள் விழுகிறார்கள்.

எல்லா வரிமுறிவையும் ஒரே தட்டில் இடைவெளியாக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பழைய தமிழ் அச்சில் வரி முடிந்தால் சொல்லை அங்கேயே வெட்டி மிச்சத்தை அடுத்த வரியில் போட்டுவிடுவார்கள். பல நூல்களில் இணைப்புக்கோடும் இராது. எனவே வரிமுறிவு சில இடங்களில் இரு சொற்களுக்கு நடுவே விழும், சில இடங்களில் ஒரே சொல்லின் நடுவே விழும். எல்லாவற்றையும் இடைவெளியாக்கிவிட்டால் எது எதுவென்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஒரு தம்பி தன் ஊர் வரலாற்று நூலை இப்படித்தான் கொண்டுவந்தார். 'காத்தான் குடி', 'கல் முனை', 'தலைவர் கள்'. கடைசியைப் படித்துச் சிரித்தோம். ஆனால் ஓசிஆர் கொடுத்த முதல் கோப்பின் மேலேயே அவர் சேமித்திருந்தார். போனில் இடமில்லையென்று படங்களையும் அழித்துவிட்டார், நூலும் உரியவரிடம் திரும்பிப் போய்விட்டது. 'காத்தான்குடி' என்று தேடினால் பாதி இடங்கள் சிக்கவில்லை.

அதனால் முதல் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, நகலில் வரிமுறிவை ஒரு குறியாக மாற்றுங்கள். எழுத்துகளின் அமைப்பைக் கொண்டு தேடும் ரெஜெக்ஸ் வசதி உள்ள நோட்பேட்++ போன்ற எடிட்டர் போதும். பந்திகளுக்கு இடையே வெற்று வரி இருந்தால் அதற்கு முதலிலேயே வேறொரு குறி போட்டுவிடுங்கள். பிறகு இதைத் தேடி, `¦` என்று மாற்றுங்கள்:

```
[ \t]*\r?\n
```

இப்போது இந்த நான்கு வரிகளைப் பாருங்கள்:

```
1978 நவம்பர்ச் சூறாவளியில் மட்டக்
களப்பிலிருந்த தென்னந்தோட்டங்க
ளும் சாய்ந்தன. அந்தக்
கோயிலின் கூரையும் பறந்தது.
```

'ளும்' என்று தமிழில் சொல் தொடங்காது. ண, ழ, ள, ற, ன வரிசையோ புள்ளி வைத்த எழுத்தோ வரித்தொடக்கத்தில் வந்தால் யோசிக்காமல் ஒட்டலாம். கீழே உள்ளதைத் தேடி, மாற்றும் பெட்டியை வெறுமையாக விடுங்கள். 'க்ஷேத்திரம்' போன்ற வடசொல்லும், 'றஹ்மான்' போல றகரத்தில் தொடங்கும் பிறமொழிப் பெயரும் விதிவிலக்கு, அவற்றைப் பார்த்து விட்டுவிடுங்கள். 'ஸ்ரீ' இதில் சிக்காது.

```
¦(?=[ணழளறன]|[க-வ]்)
```

சிக்கல் மற்ற இரண்டில்தான். 'மட்டக்', 'அந்தக்' இரண்டும் க் என்று முடிகின்றன, இரண்டுக்கும் அடுத்த வரி ககர வரிசையில் தொடங்குகிறது. ஒன்று ஒரே சொல், மற்றது சந்தி. எந்த விதியாலும் பிரிக்க முடியாது, நூலையே கேட்க வேண்டும். அதே கோப்பில் வரிகளின் நடுவே 'அந்தக்' தனியாகப் பல இடங்களில் இருக்கும். 'மட்டக்' தனியாக எங்கும் இராது, 'மட்டக்களப்பு' என்று சேர்ந்தே வரும். ஆகவே 'அந்தக்' என்பதற்குப் பின் இடைவெளி, 'மட்டக்' என்பதற்குப் பின் ஒட்டு. 'கல்¦முனை' போல இரண்டு பக்கமும் தனிச்சொல்லாக நிற்கக்கூடியதாக இருந்தால் படத்தைத் திறந்து அந்த வாக்கியத்தை வாசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் குறி இருக்கும்வரை எந்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்றாவது தெரியும். இப்படிச் சந்தேகமானவற்றைத் தீர்த்த பிறகே மிஞ்சிய `¦` எல்லாவற்றையும் இடைவெளியாக்குங்கள்.

எழுத்துப்பிழை திருத்தியை நம்புவது

'காத்தான்' சரியான சொல். 'குடி'யும் சரியான சொல். அது வாயே திறக்காது.

பக்கத் தலைப்பை விட்டுவைத்து ஒட்டுவது

பக்க எண்ணும் நூற்பெயரும் வாக்கியத்தின் நடுவே புகுந்துவிடும். 'அக்கரைப் 47 ஆலய மலர் பற்று' என்று ஒரு ஊர் அம்பாறை மாவட்டத்தில் இல்லை. குறி போடுவதற்கு முன்பே அவற்றை நீக்குங்கள்.

வரிக்கடைசிக் கோட்டையெல்லாம் அழிப்பது

'1956-' என்று ஒரு வரி முடிந்து அடுத்த வரி '60' என்று தொடங்கினால், கோடு போனதும் '195660' ஆகிவிடும். இரு பக்கமும் எண் இருந்தால் கோட்டைத் தொடாமல் `¦` குறியை மட்டும் நீக்குங்கள்.

பந்தியை வெற்று வரியால் மட்டும் தேடுவது

பல நூல்களில் பந்திக்கு வெற்று வரி இராது, முதல் வரி கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும். அந்தத் தள்ளலை ஓசிஆர் பெரும்பாலும் விழுங்கிவிடும். மற்ற வரிகளைவிடக் குட்டையாக இருந்து முற்றுப்புள்ளியில் முடிகிற வரி வந்தால், அங்கே பந்தி முடிந்திருக்கலாம். படத்தோடு ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள். பந்தியின் கடைசி வரி முழு அகலத்துக்கும் ஓடியிருந்தால் இந்த வழி கைகொடுக்காது, அங்கே படம்தான் கதி.

கூத்துப் பாட்டையும் காவியத்தையும் ஒட்டுவது

ஒட்டவே கூடாது.