மாணவர்கள் எவ்வளவு நேரம் கேட்கிறார்கள்? ஒரு வினாத்தாளைப் படிப்படியாகத் தயாரிக்கும் முறை

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு "மாணவர்களின் கேட்கும் பழக்கம்" என்ற தலைப்பை எடுப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். எளிதான தலைப்பாகத் தெரியும். வினாத்தாளில் முதல் கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"நீங்கள் தினமும் எவ்வளவு நேரம் பாட்டு கேட்பீர்கள்?"

கீழே நான்கு கட்டங்கள்: அரை மணிக்குள், அரை மணி முதல் ஒரு மணி வரை, ஒரு மணி முதல் இரண்டு மணி வரை, இரண்டு மணிக்கு மேல்.

இந்த ஒரு கேள்வியைச் சரியாக்குவதுதான் இந்தப் பதிவு. அதை ஒழுங்காகச் செய்யப் போனால் யாரிடம் கேட்பது, எந்த நாளில் கேட்பது, எந்தச் சொற்களில் கேட்பது எல்லாமே கூடவே வந்துவிடும். எடுத்துக்காட்டுக்கு, கடலூரில் காலை, மதியம் என்று இரண்டு ஷிப்டு நடக்கும் ஒரு கலைக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். காலையில் 720 பேர், மதியம் 480 பேர், மொத்தம் 1200 மாணவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எதைக் 'கேட்பது' என்று கணக்கில் எடுக்கப் போகிறீர்கள்?

பண்ருட்டியிலிருந்தோ குறிஞ்சிப்பாடியிலிருந்தோ தனியார் பேருந்தில் வரும் மாணவரை நினைத்துப் பாருங்கள். வழி முழுக்கப் பேருந்தில் பாட்டு ஓடுகிறது. அதை அவர் கேட்டார் என்று எழுதுவதா, வேண்டாமா? யூடியூபில் பாட்டைப் போட்டுவிட்டு போனைப் பையில் வைத்துக்கொள்பவர் கேட்கிறாரா, பார்க்கிறாரா? போட்டித் தேர்வுக்கான நடப்பு நிகழ்வுகளை ஆடியோவாகக் கேட்பவர், கிரிக்கெட் வர்ணனை கேட்பவர், அதிகாலையில் வீட்டில் ஓடும் பக்திப் பாடலோடு எழுபவர் எல்லாரும் எந்தக் கணக்கில் வருவார்கள்?

இதற்கு ஒரே சரியான பதில் கிடையாது. ஆனால் நீங்கள் முடிவு செய்யாவிட்டால் ஒவ்வொரு மாணவரும் அவரவர் வசதிக்கு ஒரு முடிவு செய்துகொள்வார், 200 தாளில் 200 விதமான கணக்கு வரும். நான் பரிந்துரைப்பது இது: தானே தேர்ந்தெடுத்துப் போட்டது, மற்றவர் போட்டதால் காதில் விழுந்தது என்று இரண்டாகப் பிரியுங்கள். நேரத்தை முதல் வகைக்கு மட்டும் கேளுங்கள். இரண்டாவது வகைக்கு "இருந்தது / இல்லை" போதும், ஏனென்றால் பேருந்தில் ஓடிய பாட்டை நிமிடக் கணக்கில் யாராலும் நினைவுகூர முடியாது.

வானொலி நிலையங்களைப் பெயர் போட்டுப் பட்டியலிடுவதாக இருந்தால் முதலில் ஒரு ரேடியோவை எடுத்துப் போட்டுப் பாருங்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலியான புதுவை வாணியை இணையத்தில் பார்த்துப் பட்டியலில் சேர்ப்பது எளிது. சமுதாய வானொலிகளுக்கு ஒலிபரப்பு சக்தி குறைவு. கடலூர் முதுநகரில் எடுக்காத நிலையத்தைப் பட்டியலில் வைத்துவிட்டு, "யாரும் கேட்பதில்லை" என்று முடிவு எழுதினால் அது மாணவர்களைப் பற்றிய முடிவு ஆகாது.

படி 2: 'தினமும்' என்பதை எடுத்துவிட்டு 'நேற்று' என்று போடுங்கள்

"தினமும் எவ்வளவு நேரம்" என்று கேட்டால் யாரும் உட்கார்ந்து சராசரி போடுவதில்லை. தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாரோ அதற்கு ஏற்ற ஓர் எண்ணைச் சொல்வார். நேற்று நடந்தது என்றால் நினைவில் தேடிப் பார்க்க ஏதாவது இருக்கும்.

கட்டங்களும் வேண்டாம். 1985-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் நார்பர்ட் ஷ்வார்ஸும் சக ஆய்வாளர்களும், தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தை இரண்டு விதமான கட்டங்களோடு கேட்டார்கள். ஒரு தாளில் கட்டங்கள் "அரை மணி வரை" என்று தொடங்கி "இரண்டரை மணிக்கு மேல்" என்று முடிந்தன. இன்னொரு தாளில் "இரண்டரை மணி வரை" என்று தொடங்கி "நாலரை மணிக்கு மேல்" என்று முடிந்தன. இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் முதல் தாளில் 16.2 சதவீதம், இரண்டாவது தாளில் 37.5 சதவீதம். நடுக் கட்டம்தான் ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணி, ஆட்கள் அதை ஒட்டியே டிக் போடுகிறார்கள். கேள்வியின் சொற்களில் எந்தச் சாய்வும் இல்லாமலே, கட்டங்கள் மட்டுமே பதிலை இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன.

ஆகவே நாளைத் துண்டு துண்டாகப் பிரித்து, நிமிடங்களை எழுதக் காலி இடம் விடுங்கள்:

"நேற்று நீங்களே போட்டுக் கேட்டது எத்தனை நிமிடம்? கேட்கவில்லை என்றால் 0 எழுதவும்.
எழுந்ததிலிருந்து வீட்டை அல்லது விடுதியை விட்டுக் கிளம்பும் வரை ____
கல்லூரிக்கு வரும் வழியில் ____
கல்லூரியில் இருந்த நேரத்தில் ____
திரும்பிப் போகும் வழியில் ____
போய்ச் சேர்ந்ததிலிருந்து படுக்கும் வரை ____
படுத்த பிறகு ____"

கூட்டலை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், மாணவரிடம் விடாதீர்கள். தாள்கள் வந்ததும் எண்களைப் பாருங்கள். எங்கு பார்த்தாலும் 30, 60 என்றே இருந்தால் நினைவுகூராமல் குத்துமதிப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். 10, 25, 40 என்று கலந்து வந்தால் நம்பிக்கையோடு மேலே போகலாம்.

படி 3: பதிலை ஊட்டிவிடாத கேள்விகள்

தமிழில் ஒரு கேள்வியைச் சாய்க்கப் பெரிய வாக்கியம் தேவையில்லை, ஒரு சின்ன ஒட்டே போதும். "எஃப்.எம். கேட்பீர்கள்தானே?" என்றால் ஆமாம் என்பதுதான் மரியாதையான பதில். "படிக்கும்போதுகூடப் பாட்டு கேட்பீர்களா?" என்றால் அந்தக் 'கூட'வில் ஒரு கண்டிப்பு இருக்கிறது, பாதிப் பேர் இல்லை என்று எழுதிவிடுவார்கள். "ரேடியோ கேட்பதை எப்போது விட்டீர்கள்?" என்ற கேள்வி, முன்பு கேட்டார், இப்போது விட்டுவிட்டார் என்று இரண்டையும் தானே முடிவு செய்துவிடுகிறது.

சரி, எப்படி மாற்றுவது? இரண்டு பக்கத்தையும் சமமாக வையுங்கள். "நேற்று படித்த நேரத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா, இல்லையா, நேற்று படிக்கவே இல்லையா?" மூன்றாவது வாய்ப்பை மறந்துவிட்டால், நேற்றுப் புத்தகத்தைத் தொடாதவர் ஏதோ ஒரு பொய்யைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

இன்னும் கடினமானது அறிவுரையாக வரும் கேள்வி. "ஹெட்போனில் சத்தமாகக் கேட்பது காதைக் கெடுக்கும் என்று தெரிந்தும் அப்படிக் கேட்கிறீர்களா?" இது விசாரணை. 'சத்தமாக' என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். கண்ணால் கண்டதைப் போலச் சொல்லக்கூடிய ஒன்றாக மாற்றுங்கள்: "நேற்று கடைசியாக ஹெட்போன் மாட்டியிருந்தபோது பக்கத்தில் இருந்தவர் சாதாரணமாகப் பேசியது உங்களுக்குக் கேட்டதா? கேட்டது / கேட்கவில்லை / யாரும் பேசவில்லை / ஹெட்போன் மாட்டவில்லை."

வரிசையும் சாய்க்கும். "பாட்டு கேட்பதால் படிப்பு பாதிக்கப்படுகிறதா?" என்பதை முதலில் வைத்தால், அதற்குப் பின் எழுதும் நிமிடங்கள் குறைந்துவிடும். முதலில் நேற்றைய நேரம், அப்புறம் எதில் கேட்டார், என்ன கேட்டார், கருத்துக் கேள்விகள் கடைசியில்.

படி 4: யாரிடம் கேட்பது

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் லிங்கைப் போட்டால் சாயங்காலத்துக்குள் நூறு பதில் வரும். அதை நிரப்புவது யார்? போனும் கையுமாக இருப்பவர், பாட்டில் ஆர்வம் உள்ளவர், உங்கள் நண்பர். 1936-இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை சுமார் 24 லட்சம் பேரின் பதிலைத் திரட்டி, குடியரசுத் தலைவர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்று எழுதியது. பெரும் வித்தியாசத்தில் வென்றவர் ரூஸ்வெல்ட். தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து முகவரி எடுத்ததும், விருப்பம் உள்ளவர் மட்டும் பதில் அனுப்பியதும் கணிப்பைக் கவிழ்த்தன. எண்ணிக்கை அதைக் காப்பாற்றவில்லை.

கல்லூரியில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு: முழுப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. துறைத்தலைவர் மூலம் அனுமதி வாங்கி அதைப் பெறுங்கள். முதலில் ஷிப்டு, அதற்குள் துறை, அதற்குள் ஆண்டு என்று அடுக்கி 1 முதல் 1200 வரை எண் போடுங்கள்.

200 பேர் வேண்டும் என்றால் 1200 ÷ 200 = 6. ஆறு சீட்டில் 1 முதல் 6 வரை எழுதி ஒன்றை எடுங்கள். 4 வந்தால் 4, 10, 16, 22 என்று ஆறு ஆறாகத் தாவி 1198 வரை போங்கள். பட்டியல் ஷிப்டுவாரியாக அடுக்கியிருப்பதால் காலையில் 120 பேர், மதியத்தில் 80 பேர் தானாகவே வந்துவிடுவார்கள். துறையும் ஆண்டும் ஏறக்குறைய அதே விகிதத்தில் அமையும்.

200 எதற்கு? சதவீதங்களில் வரக்கூடிய பிழையைத் தோராயமாக இப்படிக் கணக்கிடலாம்:

```
1 / √200 ≈ 0.07
```

அதாவது 40 சதவீதம் என்று வந்தால் உண்மை 33-க்கும் 47-க்கும் இடையில் இருக்கலாம். 100 பேர் என்றால் கூட்டியோ குறைத்தோ 10. சீட்டுப் போட்டு எடுத்த பட்டியலுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். வாட்ஸ்அப்பில் வந்த பதில்களுக்கு இதைப் போடாதீர்கள்.

நாளையும் பிரிக்க வேண்டும். திங்கட்கிழமை கேட்டால் நேற்று என்பது ஞாயிறு. எனவே செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாட்கள், நாளுக்கு 50 பேர். தேர்ந்தெடுத்த பட்டியலில் முதல் ஆள் செவ்வாய், இரண்டாம் ஆள் புதன் என்று சுற்றிக்கொண்டே போங்கள். இதில் கிடைப்பது திங்கள் முதல் வியாழன் வரையிலான கேட்கும் நேரம் மட்டுமே என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.

படி 5: ஐந்தாறு பேரிடம் சோதனை

பட்டியலில் வராத ஐந்தாறு பேரிடம் தாளைக் கொடுத்து, எழுதி முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "இந்த 40 நிமிடத்தை எப்படிக் கணக்குப் போட்டீங்க?" ஒருவர் "பாகூர்லேர்ந்து காலேஜ் வர அவ்வளவு நேரம் ஆகும், அதான்" என்று சொன்னால், அவர் எழுதியது பயண நேரம், கேட்ட நேரம் இல்லை. அந்த வரியில் "பயண நேரத்தை எழுத வேண்டாம், கேட்ட நேரத்தை மட்டும் எழுதவும்" என்று சேருங்கள். "கேள்வி புரிந்ததா?" என்று மட்டும் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

படி 6: தாளைக் கொடுப்பதும் வாங்குவதும்

தாளில் பெயர், ரோல் நம்பர் வேண்டாம். ஷிப்டு, ஆண்டு, கிழமை போதும். பாடம் எடுக்கும் ஆசிரியர் கையால் கொடுக்க வைக்காதீர்கள், "கல்லூரியில் இருந்த நேரத்தில்" என்ற வரியில் எல்லாரும் 0 போட்டுவிடுவார்கள். நிரப்பிய தாளை மடித்து ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

தேர்ந்தெடுத்த மாணவர் வரவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த வாரம் அதே கிழமையில் மறுபடி தேடுங்கள். அடிக்கடி வராதவர்களின் பழக்கம் வேறாக இருக்கலாம், அவர்களுக்குப் பதில் ஆள் போட்டால் அது மறைந்துபோகும்.

எப்படியும் சில தாள்கள் வராது. காலையில் 108, மதியத்தில் 52, ஆக 160 தாள் வந்ததாக வைத்துக்கொள்வோம். கல்லூரியில் மதிய ஷிப்டு 40 சதவீதம், கையில் இருக்கும் தாள்களில் 32.5 சதவீதம்தான். காலை சராசரி 50 நிமிடம், மதிய சராசரி 80 நிமிடம் என்றால், எல்லாத் தாளையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால் கிட்டத்தட்ட 60 வரும். ஷிப்டின் உண்மையான பங்கைக் கொண்டு கணக்கிடுங்கள்:

```
0.60 × 50 + 0.40 × 80 = 62
```

அறிக்கையில் 62 என்று எழுதி, 200 பேரில் 160 பேர் பதில் தந்தார்கள், மதிய ஷிப்டில் விடுபட்டவர் அதிகம் என்பதையும் அதே பக்கத்தில் குறிப்பிடுங்கள்.