காலை உணவுத் திட்டத்தை மதிப்பிடும்போது வழுக்கும் இடங்கள்

தமிழ்நாட்டின் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அப்போது 1,545 அரசுப் பள்ளிகளில், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படித்த சுமார் 1.14 லட்சம் குழந்தைகள் சாப்பிட்டார்கள். இதை மதிப்பிட உட்காருகிறவர் முதலில் ஒரு தாளில், திட்டத்தில் எது எதற்கு இட்டுச் செல்கிறது என்று அம்புக்குறிகளால் காட்டும் லாஜிக் மாடல் என்ற படத்தை வரைவார். ரவை, பருப்பு, பணம், சமைக்கும் மகளிர் குழுப் பெண்கள் ஆகியவை உள்ளீடு. சமைப்பதும் பரிமாறுவதும் செயல்பாடு. பரிமாறிய தட்டு வெளியீடு. அதனால் குழந்தையிடம் ஏற்படும் மாற்றம்தான் விளைவு.

தவறும் இங்கேயே தொடங்கிவிடுகிறது. வெளியீட்டுக்கும் விளைவுக்கும் நடுவே ஒரு சின்ன அம்புக்குறி போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்த அம்புக்குறிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பதில்லை.

ஒரு கற்பனைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். பதிவில் 60 பிள்ளைகள் இருக்கிறார்கள், தினமும் 54 தட்டு பரிமாறப்படுகிறது. அறிக்கையில் "90 சதவீதம் பேர் பயன்" என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த 54 பேரில் 30 பேர் முன்பு வீட்டிலேயே இட்லியோ பழையதோ சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள், இப்போது பள்ளியில் சாப்பிடுகிறார்கள் என்றால், வெறும் வயிற்றோடு வந்து இப்போது சாப்பிடுகிறவர்கள் 24 பேர்தான். பசி தீர்ந்ததா என்று பார்க்க வேண்டியது அந்த 24 பேரிடம்.

அதற்காக 30 பேருக்குப் போட்ட சாப்பாடு வீண் என்றும் முடிவு கட்டக் கூடாது. வேலைக்குப் போகும் தாய்மாரின் சுமையைக் குறைப்பதும் இந்தத் திட்டத்தின் அறிவித்த நோக்கங்களில் ஒன்று. அந்த வீடுகளில் விளைவு அம்மாவின் காலை நேரத்தில் கிடைக்கிறது. ஆக அது வேறொரு அம்புக்குறி, அதற்குத் தனி அளவுகோல் வேண்டும். "காலையில் எத்தனை மணிக்கு எழுந்து அடுப்பு பற்றவைக்கிறீர்கள்?" என்று கேட்டால் போதும். திட்டம் வருவதற்கு முன்பே ஒருமுறை கேட்டு வைத்திருக்க வேண்டும், அதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

அடுத்த தவறு, உள்ளீட்டால் தாங்க முடியாத விளைவை எழுதுவது. ரத்தசோகையைக் குறைப்பதும் நோக்கங்களில் இருக்கிறது. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குழந்தைக்குச் சுமார் 50 கிராம் அரிசியோ ரவையோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, கொஞ்சம் காய்கறி. இதில் ஏறத்தாழ 230 கலோரி, எண்ணெய் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். பசியாற இது நல்ல அளவு. ஆனால் இரும்புச்சத்து ஒன்றிரண்டு மில்லிகிராமைத் தாண்டுவது கடினம். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் அளவுக்குத் தேவை. இரும்பு செறிவூட்டிய அரிசி போட்டால் கணக்கு மாறும், அப்படியானால் அதை உள்ளீட்டில் தனி வரியாக எழுதி, அந்த அரிசி பள்ளிக்கு வந்து சேர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால், ஓராண்டு கழித்து ஹீமோகுளோபின் அசையவில்லை என்று தெரியும்போது, ஒழுங்காக நடந்த திட்டத்துக்குத் தோல்வி என்று பெயர் வந்துவிடும்.

வருகைப் பதிவேடு இன்னொரு வழுக்குப் பாறை. "திட்டத்துக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு" என்ற ஒப்பீடு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கொரோனாவுக்குப் பின் தொடக்க வகுப்புகள் திறந்ததே 2021 நவம்பர் 1 அன்றுதான். 2021-22 வருகையோடு 2022-23ஐ ஒப்பிட்டால், உயர்வில் எவ்வளவு உப்புமாவால் வந்தது, எவ்வளவு பள்ளி வழக்கத்துக்குத் திரும்பியதால் வந்தது என்று பிரிக்க முடியாது. ஜூன், ஜூலையை ஜனவரி, பிப்ரவரியோடு ஒப்பிட்டாலும் இதே சிக்கல்தான். கல்வியாண்டின் தொடக்கமும் பரீட்சை நெருங்கும் காலமும் ஒன்றல்ல.

ஒப்பிட வேறு பள்ளி வேண்டும். 2023 ஆகஸ்ட் 25 அன்று திட்டம் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்விட்டதால், அரசுப் பள்ளிகளுக்குள் அந்த வாய்ப்பு போய்விட்டது. ஆனால் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்றும், நகர்ப்புறத்தில் உள்ளவற்றுக்கு 2025 ஆகஸ்ட் 26 அன்றும்தான் விரிந்தது. நடுவில் ஓராண்டுக்கு மேல் ஒரு பக்கம் சாப்பாடு இருந்தது, மறுபக்கம் இல்லை. ஒரே மாதங்களை எடுத்து, முந்தைய ஆண்டிலிருந்து இரண்டு பக்கமும் எவ்வளவு மாறின என்று பார்த்து, அந்த இரண்டு மாற்றங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடலாம். நகரமும் கிராமமும் ஒன்றல்ல என்ற குறை இருக்கத்தான் செய்யும். அதனால் பேரூராட்சி எல்லையின் இரு புறமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பள்ளிகளைத் தேர்ந்தெடுப்பேன். வருகையோடு, வகுப்பு தொடங்கும் முன்பே வந்துவிடும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் எண்ணுவேன். தாமதமாக வரும் பிள்ளைக்கு அந்தத் தட்டு கிடைக்காது, பதிவேட்டிலோ அவன் வந்தவன்.