பக்கத்துல இருக்கிறதை முதல்ல முடிக்கிறேன்னு கிளம்பாதீங்க: கொடைக்கானலில் பார்சல் வரிசை போடும்போது வரும் தவறுகள்

கொடைக்கானலில் பார்சல் வண்டி ஓட்ட வரும் தம்பிகள் முதல் வாரத்தில் எல்லாரும் ஒரே மாதிரிதான் வரிசை போடுகிறார்கள். காலையில் ஹப்பில் ஷீட்டை வாங்குவது, போனில் லொகேஷன்களைப் பார்ப்பது, நிற்கிற இடத்துக்கு எது பக்கமோ அங்கே போவது, கொடுத்து முடித்ததும் அங்கிருந்து எது பக்கமோ அதற்கு ஓடுவது. நாங்கள் எல்லாரும் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்துதான், அதனால் திட்ட மனசு வராது. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் பண்ணி "அண்ணே, வட்டக்கானல்ல ஒண்ணு பாக்கி இருக்குண்ணே" என்று சொல்லும்போது எரிச்சல் வராமலும் இல்லை.

சார்ஜ் போடு, சில்லறை வை, மழைக்கோட்டை மறக்காதே என்பதெல்லாம் ஒரு நாள் நனைந்தால் தானாக வந்துவிடும், அதை விடுங்கள். ஸ்டாப் வரிசை மட்டும்தான் இங்கே பேச்சு. அதுவும் காலையில் மொத்தமாக ஏற்றிக்கொண்டு போகும் பார்சலுக்கு. சாப்பாடு டெலிவரி வேறு கணக்கு. அங்கே பையில் இருப்பதே ஒன்று இரண்டுதான், ஆறிப்போவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

## கிளையின் வாயில் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்புவது

இத்தனை பேருக்குச் சொல்லியும் தீராத தவறு இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மதுரை மாதிரி ஊரில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக நாலு வழி இருக்கும். ஒன்றை விட்டுவிட்டுப் போனாலும் வேறு சந்தில் நுழைந்து திரும்பப் பிடித்துவிடலாம். மலையில் அது நடக்காது. இங்கே ரோடு மரக்கிளை மாதிரி போகிறது. நாயுடுபுரம் தாண்டி வில்பட்டிப் பக்கம் ஒரு கிளை, அப்சர்வேட்டரிப் பக்கம் ஒரு கிளை, பாம்பார்புரம் தாண்டி வட்டக்கானலுக்கு இறங்கும் கிளை ஒன்று. ஒரு கிளையின் நுனியிலிருந்து இன்னொரு கிளையின் நுனிக்குக் குறுக்கு வழி கிடையாது. போன வழியே திரும்பி ஊருக்குள் வந்து, சந்திப்பைத் தாண்டித்தான் அடுத்ததில் ஏற வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. தூரம் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டது, மேப்பில் அளந்தது இல்லை. மூன்று கிளையும் ஏழு ரோடு சந்திப்பில் சேர்கின்றன, ஹப்பும் அங்கேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பார்சல். நாயுடுபுரம் பக்கம் ஒன்று 0.8 கிலோமீட்டரில், இன்னொன்று 4 கிலோமீட்டரில். அப்சர்வேட்டரி பக்கம் 1 கிலோமீட்டரிலும் 3.5 கிலோமீட்டரிலும். வட்டக்கானல் பக்கம் 1.2 கிலோமீட்டரிலும் 4 கிலோமீட்டரிலும்.

'அடுத்தது எது பக்கம்' என்று போகிற தம்பி முதலில் நாயுடுபுரத்து 0.8-ஐக் கொடுப்பான். உள்ளே இருக்கும் இன்னொன்று அங்கிருந்து 3.2 கிலோமீட்டர். ஆனால் சந்திப்புக்குத் திரும்பி அப்சர்வேட்டரி ரோட்டின் முதல் வீட்டுக்குப் போனால் 1.8 தான். சரி, பக்கம் என்று அங்கே போவான். அங்கே நின்று பார்த்தால் உள்ளே இருப்பது 2.5, வட்டக்கானல் ரோட்டின் முதல் வீடு 2.2. மறுபடி திரும்புவான். அங்கே கொடுத்த பிறகு உள்ளே இருப்பது 2.8 என்பதால் ஒரு வழியாக அந்தக் கிளையை மட்டும் நுனி வரை முடிப்பான். அப்புறம்தான் வினை. மீதி இருக்கும் இரண்டும் வேறு வேறு கிளைகளின் நுனியில் உட்கார்ந்திருக்கும். வட்டக்கானலிலிருந்து அப்சர்வேட்டரி நுனிக்கு 7.5, அங்கிருந்து நாயுடுபுரத்து நுனிக்கு இன்னொரு 7.5, ஹப்புக்குத் திரும்ப 4. கூட்டினால் 26.6 கிலோமீட்டர்.

கிளை கிளையாக முடித்திருந்தால்? ஒவ்வொரு கிளையிலும் ஒரே ஒரு தடவை நுனி வரை போய்த் திரும்பினால் போதும். 8, 7, 8, மொத்தம் 23. எந்தக் கிளையை முதலில் எடுத்தாலும் 23 தான், அதில் மூளையைக் கசக்க ஒன்றும் இல்லை. அதிகமான 3.6 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், வாயில் மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிய இரண்டு கிளைகளின் 0.8, 1 இரண்டையும் போக வர இன்னொரு தடவை ஓட்டியதுதான்.

"3.6 கிலோமீட்டர் தானேண்ணே, என்ன பெட்ரோல் ஆகிடப்போகுது" என்று ஒரு தம்பி கேட்டான். பெட்ரோலை விடு, சந்திப்பை எண்ணு என்றேன். அவன் போன வழியில் கிளை மாறுவதற்காக மட்டும் சந்திப்பை நாலு தடவை தாண்டுகிறான். கிளை கிளையாகப் போனால் இரண்டே தடவை. சாதாரண நாளில் இது ஒரு விஷயமே இல்லை. சீசனில், அதுவும் சனி ஞாயிறில், இ-பாஸ் எல்லாம் இருந்தும் ஏழு ரோட்டில் வேன் மேல் வேன் நின்று, பைக்கை நுழைக்கக்கூட இடுக்கு கிடைக்காத நேரத்தில், ஒவ்வொரு தாண்டலும் கால் மணி நேரத்தைச் சாப்பிட்டுவிடும். நஷ்டம் கிலோமீட்டரில் தெரியாது, கடைசிப் பார்சல் இருட்டில் போகும்போதுதான் தெரியும். இந்த ஊரில் மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்கிவிட்டால் வட்டக்கானல் இறக்கத்தில் முன்னால் போகிற வண்டியின் லைட்கூடத் தெரியாது. அந்த நேரத்துக்குத்தான் சரியாக ஒரு பார்சலை மிச்சம் வைத்திருப்பான்.

இந்த முறையில் ஏமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. காலை முழுக்க அது நன்றாக வேலை செய்கிற மாதிரியே இருக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் ஷீட்டில் சடசடவென்று டெலிவரி ஏறும், ஹப்பில் இருப்பவரும் சந்தோஷமாக இருப்பார். கஷ்டமானதை எல்லாம் கடைசிக்குத் தள்ளிவிட்டதால் வந்த வேகம் அது. எல்லாப் புள்ளிகளையும் தொட்டுத் திரும்ப இருப்பதிலேயே குறைந்த தூர வரிசை எது என்று கணினிக்காரர்களும் தேடுவார்கள், டிராவலிங் சேல்ஸ்மேன் கணக்கு என்பார்கள், அதற்கு இதே முறையையும் போட்டுப் பார்ப்பதுண்டு. வெட்டவெளியில் தாறுமாறாகச் சிதறிய புள்ளிகளுக்கே 'அடுத்தது பக்கத்தது' என்று போனால், இருப்பதிலேயே நல்ல வரிசையைவிடச் சராசரியாகச் சுமார் 25% நீளும். அங்கேயும் தூரமெல்லாம் கடைசித் தாவல்களில்தான் ஏறுகிறது.

நீங்கள் இந்தத் தவறைப் பண்ணுகிறீர்களா என்று கண்டுபிடிக்க மேப் தேவையில்லை. அன்றைக்குப் பார்சல் இருந்தது எத்தனை கிளைகளில் என்று எண்ணுங்கள். அதில் ஒன்றைக் கழித்தால் வருவதுதான் கிளை மாறச் சந்திப்பைத் தாண்ட வேண்டிய கணக்கு. அதற்கு மேல் எத்தனை தடவை தாண்டினீர்களோ அத்தனை தடவை எங்கேயோ உள்ளே போகாமல் திரும்பியிருக்கிறீர்கள்.

கிளைக்குள்ளே போனபிறகு, வழியில் இருக்கும் வீடுகளைப் போகும்போது கொடுப்பதா, வரும்போது கொடுப்பதா என்று கேட்பார்கள். தூரம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் போகும்போதே கொடுத்துப் பாருங்கள். வீடு பூட்டியிருந்தால் ஒரு போன் போட்டுவிட்டு உள்ளே போய்விடலாம், திரும்பி வரும்போது அதே வாசலில் இன்னொரு அட்டெம்ப்ட் சும்மா கிடைக்கும். வரும்போதுதான் முதல் தடவையே கதவைத் தட்டினீர்கள் என்றால் அந்த வாய்ப்பு போச்சு.

## ஆகாயத்தில் அளந்த தூரத்தை நம்புவது

சில ஆப்பில் வரும் '400 மீட்டர்' நேர்கோட்டில் அளந்தது. ஏரிக்கு எதிர்க்கரையில் இருக்கும் காட்டேஜ் அப்படித்தான் காட்டும். நம்ம ஏரி நட்சத்திரம் மாதிரி விரல் விரலாக நீண்டு கிடக்கிறது, சுற்றுச்சாலை சுமார் 5 கிலோமீட்டர். தண்ணீரின் இந்த ஓரத்தில் நின்று எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி "வந்துட்டேன் மேடம், எதிர்லதான் இருக்கேன்" என்று சொன்ன பையனுக்கு, அந்த வாசலுக்குப் போக எவ்வளவு சுற்ற வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. மேல் ரோடு, கீழ் ரோடு வீடுகளும் இதே கதை. மொட்டை மாடியிலிருந்து கூப்பிட்டால் கேட்கும், வண்டியில் போனால் ஒரு ஊசி வளைவு. ரோட்டு வழியாக எவ்வளவு என்று போட்டுப் பார்க்காமல் 'பக்கம்' என்ற வார்த்தையை எடுக்காதீர்கள்.

## ஏரியாவைப் பெயரை வைத்துப் பிரிப்பது

கிளை கிளையாகப் போ என்று சொன்னதும் அடுத்த தப்பு இது. பின்கோடை வைத்துப் பிரிக்க முடியாது, டவுனில் பெரும்பாலும் 624101 தான். அட்ரஸில் இருக்கும் பெயரை வைத்தும் முடியாது. ஏரி கண்ணுக்குத் தெரிந்தால் போதும், 'லேக் ரோடு' என்று எழுதிவிடுவார்கள். 'அப்சர்வேட்டரி அருகில்' என்று எழுதியிருந்த ஒரு ஹோம்ஸ்டேக்கு, அதற்கு நாலு திருப்பம் முன்னாலேயே இறங்க வேண்டியிருந்தது.

பார்சலைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதற்குப் போக மெயின் ரோட்டை எந்தத் திருப்பத்தில் விடுவேன்? ஒரே திருப்பத்தில் விடுகிறதெல்லாம் ஒரு குவியல். பெயர் என்னவாக இருந்தாலும் சரி. திருப்பம் தெரியாத பார்சல் இருந்தால் ஹப்பிலேயே நின்று கஸ்டமருக்குப் போன் போடுங்கள். பாதி வழியில் போட்டால் தப்பான கிளையின் உள்ளே நின்றுகொண்டு பேசுவீர்கள், அங்கே சிக்னலும் இருக்காது.

## நேரம் சொன்ன ஒரு பார்சலுக்காக ஓடிப்போய் வருவது

பார்சலைத் தனியாக நகர்த்தாதீர்கள், அந்தக் கிளையையே முன்னால் கொண்டுவாருங்கள். கிளைகளின் வரிசை எதுவானாலும் தூரம் ஒன்றுதான் என்று மேலே பார்த்தோமே, அந்தச் சலுகையைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

## ஸ்கேன் பண்ணின வரிசையிலேயே பையில் போடுவது

கடைசிக் கிளை அடியில். முதல் கிளை மேலே.

## பக்கத்தது முதலில் என்பதை அடியோடு ஒதுக்குவது

அதுவும் தப்பு. அண்ணா சாலை, பி.டி. ரோடு பக்கம் கடை கடையாகக் கொடுக்கும்போது அதே முறைதான் சரி. அங்கே ஒன்றுக்கொன்று இணையும் சந்துகள் இருக்கின்றன, வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி நடந்தே நாலைந்து முடிக்கலாம், தப்பினாலும் ஐம்பதடிதான் திரும்ப வேண்டும். வரிசை யோசித்து நிற்கிற நேரத்தில் இரண்டு கடை முடிந்துவிடும். மலைப்பக்கக் கிளைக்குள்ளேயும் ஓரிடத்தில் பத்து வீடு கூட்டமாக இருந்தால், அந்தக் கூட்டத்துக்குள் மட்டும் பக்கத்தது முதலில் என்று போங்கள்.

எந்தக் கிளையைக் கடைசியில் வைப்பது என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மேலே போட்ட 23 கிலோமீட்டர் ஹப்புக்குத் திரும்புகிற கணக்கு. சாயங்காலம் ஹப்பில் காசு கட்ட வேண்டிய நாளில் அது சரி. கட்ட வேண்டாத நாளில், ரிட்டர்ன் பார்சலும் கையில் இல்லை என்றால், உங்கள் வீடு இருக்கும் கிளையைக் கடைசியாக வையுங்கள். வீடு செண்பகனூரில் என்றால் பெருமாள்மலை ரோட்டுப் பார்சல்கள் கடைசி. பெருமாள்மலை வரை இறங்கிக் கொடுத்துவிட்டு ஏறி வரும் வழியில் வீடு வந்துவிடும், டவுன் நெரிசலுக்குள் மறுபடி நுழைய வேண்டியதில்லை.