குரலொலி மென்பொருளுக்கு எண், தேதி, சுருக்கெழுத்துகளை எழுதும் முறை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மா விவசாயிகள் கூட்டம் ஒன்றை ஒலிபெருக்கியில் அறிவிக்க, எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருளில் கீழ்க்கண்டவாறு தட்டச்சு செய்வதாகக் கொள்வோம்.

```
12.06.2025 அன்று காலை 10.30-க்கு கூட்டம்.
காவேரிப்பட்டணம் பேருந்து நிலையத்திலிருந்து 1 கி.மீ.
பதிவுக் கட்டணம் ரூ.1,500
```

கண்ணால் படிப்பவருக்கு இதில் குழப்பமில்லை. மென்பொருளோ ஒலியை உருவாக்கும் முன் இலக்கங்களையும் சுருக்கங்களையும் சொற்களாக மாற்றியாக வேண்டும்; பெரும்பாலான தவறுகள் நேர்வது இந்த மாற்றத்தில்தான். ஒரு புள்ளி தேதியைப் பிரிக்கிறதா, மணியையும் நிமிடத்தையும் பிரிக்கிறதா, தசமமா, வாக்கிய முடிவா என்பதை அது ஊகிக்கிறது. ஊகம் தவறினால் 10.30 என்பது "பத்து புள்ளி மூன்று பூஜ்யம்" என்றும், கி.மீ. என்பது இடையில் நின்று நின்று "கி, மீ" என்றும் ஒலிக்கும்.

தமிழில் இதைவிடப் பெரிய சிக்கல், எண்ணுப்பெயர் அடுத்து வரும் சொல்லைப் பொறுத்து உருமாறுவதாகும். தனியாக ஒன்று எனப்படுவது, பெயர்ச்சொல்லுக்கு முன் ஒரு ஆகிறது. ஆயிரம், ஐந்நூறுடன் சேரும்போது ஆயிரத்து ஆகிறது. இலக்கத்தில் இந்த மாற்றம் தெரியாததால், விதி சரியாக எழுதப்படாத மென்பொருள் "ஒன்று கிலோமீட்டர்" என்றும் "ஆயிரம் ஐந்நூறு" என்றும் படித்துவிடுகிறது. 10.30-க்கு என்பதில் உள்ள வேற்றுமை உருபும் எண்ணோடு ஒட்டாமல் தனியே "க்கு" என்று தொங்கி நிற்கும்.

முதலில், அச்சிடுவதற்கான மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, குரலுக்கென ஒரு தனிப் படியை எடுங்கள். தேடலில் regular expression எனப்படும் வடிவத் தேடல் வசதி உள்ள உரைத் திருத்தியில், அந்த வசதியை இயக்கிப் பின்வருவதைக் கொடுத்தால், மாற்ற வேண்டிய இலக்கங்களும் குறிகளும் அகப்படும்.

```
[0-9/₹]
```

கி.மீ., ரூ. போன்ற சுருக்கங்களை மட்டும் நீங்களே தேட வேண்டும். அடுத்து, ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிப் பார்த்து, உருபையும் சேர்த்தே எழுதுங்கள். தேதியில் மாதத்தைப் பெயரால் எழுதினால் நாளும் மாதமும் இடம் மாறிப் படிக்கப்படாது. எழுத்தில் எண்ணுக்கு முன் நிற்கும் ரூ., பேச்சில் எண்ணுக்குப் பின் வருவதால் அதை இடம் மாற்ற வேண்டும்.

```
ஜூன் மாதம் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்குக் கூட்டம் நடைபெறும்.
கூட்டம் நடக்கும் இடம், காவேரிப்பட்டணம் பேருந்து நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.
பதிவுக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.
```

கூட்டம் நெருங்கிய நாளில் என்பதால் ஆண்டை விட்டுவிட்டேன். கிழமை கேட்பவருக்கு அதைவிடப் பயன்படும். கைப்பேசி எண் இருந்தால் முழுத் தொகையாக, கோடிக்கணக்கில் படிக்கப்பட வாய்ப்புண்டு. அதனால் ஒவ்வோர் இலக்கத்தையும் சொல்லாக எழுதி, ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு காற்புள்ளி இடுங்கள்; கேட்பவர் குறித்துக்கொள்ள அந்த இடைவெளி வேண்டும்.

எழுதியவரின் கண் எழுத்தைத் தொடர்ந்துகொண்டே இருப்பதால், பிழையான ஒலியும் அவர் காதில் சரியாகவே விழும். ஆகவே அறிவிப்பை முன்பே படித்திராத ஒருவரிடம் ஒலியை மட்டும் கொடுத்து, நாள், நேரம், தொலைவு, கட்டணம் ஆகியவற்றைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். அவர் தயங்கிய இடத்திலோ மாற்றி எழுதிய இடத்திலோதான் குரல் படியைத் திருத்த வேண்டும்.