டிரெயில் மெயிலை அடியிலிருந்து படிப்பது: யார் எதைச் சொன்னார் என்று பிரித்தெடுக்கும் முறை

“டிரெயில் மெயிலைப் பார்த்து ஆவன செய்க” என்ற ஒற்றை வரியோடு, பெங்களூரில் உள்ள எங்கள் நிர்வாகப் பிரிவுக்குக் கொள்முதல் பிரிவிலிருந்து ஒரு மெயில் வந்தது. அந்த வரிக்குக் கீழே, அதற்கு முன் பலர் எழுதிய மெயில்கள் ஒரு தொடராக இருந்தன. அலுவலகத்துக்கு 40 நாற்காலிகள் வாங்கும் விவகாரம் அது. நாற்காலியைப் பொருத்தித் தருவதற்குத் தலா ரூ.150 தனிக் கூலி என்று தொடரின் நடுவில் எழுதியிருந்தது, மொத்தம் ரூ.6,000. அந்தக் கூலியைக் கேட்டது யார், ஒப்புக்கொண்டது யார் என்பதை அந்தத் தொடரை வைத்தே கண்டுபிடித்த முறையை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு அவுட்லுக்கில் வந்த தொடர். ஜிமெயிலுக்கான மாறுதல்களைக் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.

1. தொடரை வேர்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்

மெயில் முழுவதையும் நகலெடுத்து வேர்டில் ஒட்டுங்கள். நோட்பேடில் ஒட்டாதீர்கள், அங்கே எழுத்தின் நிறம் போய்விடும், அந்த நிறம் நமக்குப் பின்னால் தேவைப்படும். பழைய அவுட்லுக்கிலேயே தேடலாம் என்று `Ctrl+F` அழுத்தினால் தேடல் வராது, மெயில் ஃபார்வர்ட் ஆகத் தயாராகும். அதனாலும் வேர்டையே பரிந்துரைக்கிறேன்.

2. தலைப்பகுதிகளில் கோடு போடுங்கள்

வேர்டில் `From:` என்று தேடி, அது வரும் ஒவ்வோர் இடத்துக்கும் மேலே ஒரு கோடு போடுங்கள். இப்படி இருக்கும்:

```
From: Purchase
Sent: Tuesday, June 4, 2024 10:30 AM
To: London Office
Subject: RE: Chairs
```

இந்தத் தலைப்பகுதி தனக்குக் கீழே உள்ள எழுத்துக்கு உரியது. புதியவர்கள் பெரும்பாலும் இதற்கு மேலே உள்ள பத்தியை இதில் இருக்கும் பெயரோடு சேர்த்துவிடுகிறார்கள். மேலே இருப்பது இன்னொருவரின் கையொப்பத்தோடு முடிந்துபோன வேறு மெயில். இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு மெயிலையும் ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட பிறகு அடிப்பெட்டியிலிருந்து மேல்நோக்கி எண் கொடுங்கள். பெட்டிகளைத்தான் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். ஒரு பெட்டிக்குள் உள்ள வரிகளை வழக்கம்போல மேலிருந்து கீழே படிக்க வேண்டும்.

எங்கள் தொடரில் ஆறு பெட்டிகள் கிடைத்தன. முதலாவது, விற்பனையாளரின் விலைப்பட்டியல். இரண்டாவதில் கொள்முதல் பிரிவு இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தது. மூன்றாவது விற்பனையாளரின் பதில், நான்காவது லண்டன் அலுவலகத்திடம் ஒப்புதல் கேட்ட மெயில், ஐந்தாவது லண்டனிலிருந்து வந்த “ஒப்புதல் அளிக்கப்படுகிறது” என்ற பதில். ஆறாவது, எங்களுக்கு வந்த ஒற்றை வரி.

3. பெட்டிக்குள் அயலார் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுதான். ரூ.150 பற்றிய வரி இரண்டாம் பெட்டிக்குள், அதாவது கொள்முதல் பிரிவின் பெயருக்குக் கீழே இருந்தது. எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த மதுரைத் தம்பி, “அக்கா, கொள்முதல் பிரிவே ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்களே” என்றார். பெயரை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

மூன்றாம் பெட்டியில் விற்பனையாளர் தம் பங்குக்கு எழுதியது ஒரே வரிதான்: “என் பதில்கள் கீழே நீல எழுத்தில்.” அவர் ரிப்ளை பொத்தானை அழுத்தியதும் வந்த இரண்டாம் மெயிலின் நகலுக்குள்ளேயே, ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் தம் பதிலைத் தட்டச்சு செய்திருக்கிறார். ஆகவே இரண்டாம் பெட்டியில் நாம் காண்பது கொள்முதல் பிரிவு அனுப்பிய மூல மெயில் அன்று. விற்பனையாளர் திருத்திய நகல். “பொருத்தும் கூலி விலையில் அடங்குமா?” என்ற கேள்வி கொள்முதல் பிரிவுடையது. “நாற்காலிக்கு ரூ.150 தனி” என்ற நீல வரி விற்பனையாளருடையது.

நிறம் போய்விட்ட தொடராக இருந்தால் வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். ஒரே மெயிலில் கேள்வியும் அதற்கான விடையும் அடுத்தடுத்து இருந்தால், அல்லது “நாங்கள்” என்று சொல்பவர் திடீரென்று மாறினால், அங்கே இன்னொருவர் நுழைந்திருக்கிறார் என்று கொள்ளலாம். அதற்கு மேலுள்ள பெட்டியில் “கீழே பார்க்கவும்” என்ற பொருளில் ஏதாவது இருந்தால் ஐயமே இல்லை. அப்படியும் தெளியவில்லை என்றால், இரண்டாம் மெயிலை எழுதியவரிடம் அவருடைய `Sent Items` கோப்புறையில் உள்ள மூல மெயிலை `Forward as Attachment` முறையில் அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக ஃபார்வர்ட் செய்தால் வருவதும் யாரும் திருத்தக்கூடிய எழுத்துதான்.

4. நேரத்தை நம்புவதற்கு முன் அது யாருடைய கடிகாரம் என்று கேளுங்கள்

ஜூன் 4 அன்று வந்த மூன்றாம் பெட்டியில் நேரம் பிற்பகல் 2:10. அதற்குப் பிறகு எழுதப்பட்டிருக்க வேண்டிய நான்காம் பெட்டியிலோ, மேலே காட்டியபடி, அதே நாள் முற்பகல் 10:30. இதை அப்படியே எடுத்துக்கொண்டால், கூலி விவரம் வருவதற்கு முன்பே லண்டனிடம் ஒப்புதல் கேட்டுவிட்டார்கள் என்று ஆகிவிடும்.

அவுட்லுக்கில் ஒரு பெட்டியின் `Sent:` வரியை எழுதுவது அந்த மெயிலை அனுப்பியவரின் கணினி அன்று. அதற்கு அடுத்து மேலே ரிப்ளையோ ஃபார்வர்டோ செய்தவரின் கணினி. எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு அதில் இராது. நான்காம் மெயிலுக்குப் பதில் எழுதியவர் லண்டனில் இருந்தார். ஜூன் மாதத்தில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கி இருக்கும், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம். ஆகவே அந்த 10:30 என்பது நம் நேரப்படி பிற்பகல் 3:00. மூன்றாம் மெயிலுக்கு மேலே எழுதியவர் பெங்களூரில் இருந்ததால் அந்த 2:10 நம் நேரம்தான். வரிசையில் குழப்பம் எதுவும் இல்லை. நேரமும் இடமும் முரண்பட்டால் இடத்தையே நம்புங்கள்: ஒரு மெயிலுக்கு அடியில் நகலாக இருப்பது அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

5. `To`, `Cc` வரிகளை ஒப்பிடுங்கள்

இது விரைவில் முடிந்துவிடும். இரண்டாம் பெட்டியின் `Cc` வரியில் எங்கள் நிர்வாகப் பிரிவு இருந்தது, மூன்றாவதில் இல்லை. விற்பனையாளர் `Reply All` கொடுக்காததால் கூலி விவரம் எங்களுக்கு வரவே இல்லை. `Bcc` வழியாக யாருக்குப் போனது என்பதைத் தொடரிலிருந்து அறிய முடியாது.

ஆக, கூலியைக் கேட்டவர் விற்பனையாளர். கொள்முதல் பிரிவு அதற்கு எழுத்தில் எந்த மறுமொழியும் தரவில்லை. லண்டனின் ஒப்புதல் அந்த நீல வரி அடியில் இருந்த மெயிலுக்குத் தரப்பட்டது. அவர்கள் அடிவரை படித்தார்களா என்பதைத் தொடர் சொல்லாது. அதைத் தொலைபேசியில்தான் கேட்டோம்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

ஜிமெயிலில் அடிப்பகுதியே காணோம் என்று சிலர் எழுதியிருந்தார்கள். மெயில் சுமார் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் அதை வெட்டி, கடைசியில் `[Message clipped]` என்று காட்டும். அருகிலுள்ள `View entire message` இணைப்பைத் திறந்த பிறகே நகலெடுங்கள். ஜிமெயிலில் ரிப்ளைகளுக்கு இடையே `On … wrote:` என்ற ஒரே வரிதான் வரும் என்பதால், வேர்டில் `wrote:` என்று தேடிக் கோடு போடுங்கள். அந்த வரியில் `To`, `Cc` இல்லாததால் ஐந்தாம் படியை அங்கே செய்ய இயலாது.

ஒரு பதில் தொடரிலேயே இல்லையே, அழித்துவிட்டார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரே மெயிலுக்கு இருவர் தனித்தனியே பதில் அனுப்பினால் தொடர் இரண்டாகக் கிளைத்துவிடும். ஃபார்வர்டில் ஒரு கிளை மட்டுமே வரும். இரண்டு கிளைகளின் மெயில்களும் உங்கள் ஜிமெயிலுக்கே நேரடியாக வந்திருந்தால், ஒவ்வொன்றிலும் `Show original` திறந்து `In-Reply-To` வரியைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அடையாளக் குறி இருந்தால், இரண்டும் ஒரே மெயிலுக்குத் தரப்பட்ட தனித்தனிப் பதில்கள்.