ஃபில்டர் கீஸ் விழுங்கிய இரட்டை எழுத்துகள்: ஒரு கையால் தமிழ் தட்டச்சு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் நான் தட்டச்சு வேலை பார்க்கும் கடைக்கு இந்த வருடம் மூன்று பேர் பழக வந்தார்கள். ஒருவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு இடது கை எழவில்லை. இன்னொருவருக்கு விரல் நடுக்கம். மூன்றாவது ஒரு பெண், கொழுந்து பறிக்கப் போன இடத்தில் சறுக்கி விழுந்து உடைந்த மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. எனக்கும் ஒரு விபத்துக்குப் பிறகு இடது கை இல்லாத மாதிரிதான், டிசம்பர் காலையில் வலது கை விரல்களும் நடுங்கும். நான் முதல் வருடத்தில் செய்த தவறுகளையே மூவரும் வரிசையாகச் செய்ததைப் பார்த்துதான் இதை எழுதுகிறேன். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால், சேர்த்து அழுத்த வேண்டிய விசைகளை ஒவ்வொன்றாகத் தட்ட விடும் ஸ்டிக்கி கீஸ் வரும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பவுன்ஸ் கீஸை அப்படியே போட்டுவிடுவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம், அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

விரல் நடுங்கினால் ஒரு எழுத்து இரண்டு தடவை விழும். அதற்கு மருந்து விண்டோஸின் ஃபில்டர் கீஸ் அமைப்புக்குள் இருக்கும் பவுன்ஸ் கீஸ். ஒரு விசையை விட்ட பிறகு, குறிப்பிட்ட நேரத்துக்குள் அதே விசையை மறுபடி தொட்டால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. விண்டோஸ் பட்டியலில் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் மிகக் குறைந்த நேரமே 0.5 நொடி. ஆங்கிலத்தில் அடிப்பவருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்து போகும், பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். தமிழில் அப்படி இல்லை, நம் மொழியே இரட்டை எழுத்துகளால் ஆனது.

தமிழ்99 விசைப்பலகையில் ஒரு மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். "பட்டா" என்பதற்கு j o o q. இரண்டு o-வுக்கும் இடையில் யாரும் அரை நொடி காத்திருப்பதில்லை, அதனால் இரண்டாவது o விழுங்கப்பட்டு "படா" என்று வரும். "பக்கத்து" என்பதற்கு j h h l l d, திரையில் வருவது "பகது". இவை பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். "எட்டு" என்பது "எடு" ஆகிவிடும், "வீட்டு" என்பது "வீடு", "கட்டி" என்பது "கடி". இவை எல்லாமே சரியான தமிழ்ச் சொற்கள், எந்தப் பிழைதிருத்தியும் அடிக்கோடு போடாது. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பவருக்கும் இதே கதைதான், aa என்று அடித்ததில் ஒரு a போய்விட்டால் "பாடம்" "படம்" ஆகிவிடும்.

நான் பவுன்ஸ் கீஸ் போட்ட புதிதில், நடுக்கத்தால் எழுத்து இரட்டிப்பது நின்ற சந்தோஷத்தில் ஒரு கிரயப் பத்திரத்தை ஒரே மூச்சில் அடித்து முடித்தேன். "எட்டு சென்ட்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "எடு சென்ட்". வாங்குபவர் பெயரில் ஒரு ப் இல்லை. முத்திரைத்தாளில் அச்செடுத்துக் கொடுத்த பிறகுதான் வாசித்துப் பார்த்தார்கள். தாள்களுக்கான பணம் என் கையிலிருந்து போனது, முழுவதையும் மறுபடி அடித்துக் கொடுத்தேன். போன மாதம் அந்த நடுக்கக்காரர் ஒரு மனுவில் "வீட்டு வரி"யை "வீடு வரி" என்று அடித்துக் கொண்டுவந்து, "அண்ணா, நான் சரியாத்தான் அடிச்சேன்" என்றார். அவர் சரியாகத்தான் அடித்திருந்தார். அதுதான் எரிச்சல், தப்பு கையில் இல்லை, ஆனால் பழி கைக்கு வருகிறது.

சரி, என்ன செய்வது? உடனே செய்யக்கூடியது, இரட்டை எழுத்துக்கு நடுவில் புள்ளியை நீங்களே அடிப்பது. க்க வேண்டுமா, h h என்று அடிக்காமல் h f h என்று அடியுங்கள். நடுவில் வேறு விசை வந்துவிட்டதால் இரண்டாவது h தடைபடாது. ஒரு தட்டு கூடுதல்தான், இரண்டு வாரத்தில் விரல் பழகிவிடும்.

இன்னொரு வழி நேரத்தைக் குறைப்பது. பட்டியலில் 0.5-க்குக் கீழே இல்லை என்றாலும் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து விண்டோஸ் பதிவேட்டில் மில்லி நொடிக் கணக்கில் எழுதலாம்:

```
reg add "HKCU\Control Panel\Accessibility\Keyboard Response" /v BounceTime /t REG_SZ /d 150 /f
reg add "HKCU\Control Panel\Accessibility\Keyboard Response" /v DelayBeforeAcceptance /t REG_SZ /d 0 /f
```

பிறகு விண்டோஸ் கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும், ஃபில்டர் கீஸும் இயக்கத்தில் இருக்க வேண்டும். 150 என்பது என் கைக்குச் சரியான எண், உங்கள் கைக்கு வேறாக இருக்கும். நோட்பேடில் "பட்டா பட்டா" என்று இருபது தடவை அடியுங்கள். "படா" வந்தால் எண்ணைக் குறையுங்கள், கேட்காத இடத்தில் எழுத்து இரட்டித்தால் கூட்டுங்கள். இரண்டும் சேர்ந்தே வருகிறது என்றால் உங்கள் நடுக்கத்தின் வேகமும் தட்டும் வேகமும் ஒன்றாக இருக்கிறது, அப்போது h f h வழிதான் உதவும். இதைச் செய்த பிறகு அமைப்புகளில் அந்தப் பட்டியலைத் தொடாதீர்கள், தொட்டால் பழையபடி அரை நொடி ஏறிவிடும்.

விசைப்பலகை செத்துவிட்டது என்று புதிது வாங்குவது

வலது ஷிஃப்டை 8 நொடி அழுத்திக்கொண்டே இருந்தால் ஃபில்டர் கீஸை இயக்கவா என்று கேட்கும். கையை எங்காவது ஊன்றி வைத்துத்தான் அடிக்க முடியும் என்கிற ஆளுக்கு அந்த ஊன்றும் இடம் பெரும்பாலும் அந்த ஷிஃப்டாகவே இருக்கும். வந்த கேள்வியைப் படிக்காமல் சரி என்று கொடுத்தால் ஸ்லோ கீஸ் வந்துவிடும், எதையும் மாற்றாதிருந்தால் ஒவ்வொரு விசையையும் ஒரு முழு நொடி அழுத்தினால்தான் எழுத்து விழும். மணிக்கட்டு உடைந்த அந்தப் பெண் இரண்டு நாள் இப்படி இருந்துவிட்டு, பனிக்காலத்தில் ஈரம் இறங்கிவிட்டது என்று கடைக்காரர் சொன்னதை நம்பிப் புது விசைப்பலகை வாங்கினார். அதிலும் எழுத்து வரவில்லை. வாங்குவதற்கு முன் ஏதாவது ஒரு விசையை இரண்டு நொடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். எழுத்து வந்தால் விசைப்பலகைக்கு ஒன்றுமில்லை. வலது ஷிஃப்டை மறுபடி 8 நொடி பிடித்தால் அணைந்துவிடும். அப்புறம் அமைப்புகளுக்குப் போய் அந்த ஷிஃப்ட் குறுக்குவழியையே அணைத்துவிடுங்கள்.

ஸ்டிக்கி கீஸ் தானாக அணைவதைக் கவனிக்காதது

இரண்டு விசைகள் சேர்ந்து அழுந்தினால் ஸ்டிக்கி கீஸ் அணைந்துவிடும்படி ஒரு தேர்வு இருக்கிறது. கை தவறி கன்ட்ரோலும் பக்கத்து விசையும் சேர்ந்து அழுந்தினால் போதும். அணைந்தது தெரியாமல் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலைத் தட்டி, பிறகு c தட்டினால் நகல் எடுக்காது, பத்தி முழுவதும் அழிந்து அந்த இடத்தில் ஒரே ஒரு எழுத்து நிற்கும். அந்தத் தேர்வை எடுத்துவிடுங்கள்.

ஷிஃப்டை இரண்டு தடவை தட்டுவது

ஸ்டிக்கி கீஸ் இயக்கத்தில் இருந்தால் ஷிஃப்ட் பூட்டிக்கொள்ளும். மூன்றாவது தட்டில் திறக்கும்.

தமிழுக்காக ஒற்றைக் கை டிவோராக் கற்பது

விண்டோஸில் இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று என இரண்டு டிவோராக் அமைப்புகள் இருக்கின்றன. இரண்டும் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி வைப்பவை, ஆங்கிலம் நிறைய அடிப்பவருக்கு அருமையானவை. பக்கவாதம் வந்தவர் மனு அடிக்க மட்டுமே வந்தவர், ஆனால் யாரோ சொன்னார்கள் என்று மூன்று வாரம் அதில் உட்கார்ந்திருந்தார். தமிழ்99-இல் உயிர் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம், கிரந்த எழுத்துக்குத்தான் ஷிஃப்ட் வேண்டும், ஆகவே ஒரு கைக்கு அது மோசமில்லை. எண்பட்டை இல்லாத சின்ன விசைப்பலகையை எடுத்து, g, h இரண்டும் நடுவிரலுக்கு நேராக வரும்படி நகர்த்தி வையுங்கள். அவர் இப்போது அப்படித்தான் அடிக்கிறார், ஒரு பக்க மனுவுக்கு நாற்பது நிமிடம் ஆகிறது.