வாடகை பாக்கியைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடி போர்ஷனை முதல்முறையாக வாடகைக்கு விடுபவர்கள் ஒன்று கோபமாகக் கேட்கிறார்கள், இல்லையென்றால் கூச்சப்பட்டு கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். கத்தக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

“மெதுவா குடுங்க, பரவாயில்லை”

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். எங்கள் தெருவில் ஒருவர், வாடகை 12,000, அட்வான்ஸ் 60,000. குடியிருந்த தம்பி அக்டோபரில் 7,000 மட்டும் அனுப்பினார். “மீதி கையில வரும்போது குடுங்க” என்றார் இவர். நவம்பரில் முழு வாடகை வந்தது, நடுவில் மோட்டார் ரிப்பேருக்கு அந்தத் தம்பி சொந்தக் காசில் 1,800 கொடுத்திருந்தார். டிசம்பரில் 8,000தான் வந்தது, அப்போதும் இவர் வாய் திறக்கவில்லை. ஜனவரியில் பொறுக்க முடியாமல் மொத்தமாக 9,000 கேட்டார். அந்தத் தம்பி கணக்கில் பாக்கி 7,200. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் யாரிடமும் எழுதி வைத்தது எதுவும் இல்லை. வீட்டைக் காலி செய்யும்போது அந்த 1,800க்காகப் பேச்சுவார்த்தையே முறிந்தது.

தொகையும் தேதியும் இல்லாத பெருந்தன்மை கடைசியில் சண்டையில்தான் முடியும். பாதிப் பணம் வந்த அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருக்கலாம்: “7,000 வந்தது தம்பி, நன்றி. அக்டோபர் பாக்கி 5,000. எந்தத் தேதி தோதுப்படும்னு சொல்லுங்க.” தேதியை அவரே சொல்லட்டும், அப்போதுதான் மறுபடி நினைவூட்டும்போது அது மிரட்டலாகத் தெரியாது. ரிப்பேர் செலவையும் அதே இடத்தில் கழித்து எழுதிவிடுங்கள்.

5ஆம் தேதி காலையிலேயே கேட்பது

பல இடங்களில் சம்பளமே 7ஆம் தேதிதான் வரும். அப்படிப்பட்டவரிடம் பேசி, கெடுவையே 10 என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் மாதாமாதம் கேட்க வேண்டியதே இல்லை. கெடு தாண்டி இரண்டு நாள் ஆன பிறகு இப்படிக் கேட்கலாம்: “வணக்கம் தம்பி, இந்த மாத வாடகை 12,000 இன்னும் கணக்கில் வரவில்லை. அனுப்பியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் போடுங்க, நான் பேங்க்ல பார்க்கிறேன்.” யுபிஐயில் பணம் நடுவில் மாட்டிக்கொள்வதும் உண்டு.

அப்பார்ட்மெண்ட் குரூப்பில் போடுவது

கூடவே கூடாது.

தண்ணீர், கரண்டை நிறுத்துவது

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி பாக்கி இருந்தாலும் இதைச் செய்யக்கூடாது.

“அட்வான்ஸ்ல கழிச்சுக்கலாம்”

கடைசி மாதம் தவிர வேறு எப்போதும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். காலி செய்யும்போது பெயிண்டிங், உடைந்த பொருள், கட்டாத கரண்ட் பில் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். முன்பே கரைந்துவிட்டால் அந்தச் செலவை அவரிடம் தனியாகக் கேட்டு நிற்க வேண்டிவரும். அதற்குப் பதில், பாக்கியை அடுத்த மூன்று வாடகையோடு பிரித்துத் தரச் சொல்லுங்கள், 5,000 என்றால் 2,000, 2,000, 1,000. பெரும்பாலானவர்கள் அதை நிம்மதியாக ஒத்துக்கொள்வார்கள்.